வயிறு இறங்கும் காலம்

நிறைமாதக் கர்ப்பிணியைப் பார்த்த மாத்திரத்தில் வீட்டின் மூத்த பெண்கள் சொல்லும் சொல் ஒன்று உண்டு: “வயிறு இறங்கிடுச்சு.” ஸ்கேன் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே விழும் இடைவெளியைக் கண்ணால் பார்த்தே பேறுகாலம் நெருங்கிவிட்டதென்று அறிந்தார்கள். அந்தச் சொல் உண்மையான ஓர் உடல் மாற்றத்தைக் குறிக்கிறது. அதுவரை இடுப்பெலும்புக் கூட்டுக்கு மேலே தங்கியிருந்த குழந்தையின் தலை, அந்தக் கூட்டின் வாயிலுக்குள் நுழைந்துவிட்டது என்பதே அதன் பொருள். கர்ப்பத்தின் கடைசி வாரங்கள் தொடங்கியதற்கான அடையாளங்களில் கையால் தொட்டு அளந்து சரிபார்க்கக் கூடியது இது. மற்ற அடையாளங்கள் பலவும் இதைச் சுற்றியே வருகின்றன.

தலை இறங்குவதற்கான இடத்தைக் கருப்பையே முன்கூட்டித் தயார் செய்கிறது. கர்ப்பம் இல்லாத காலத்தில் கருப்பையின் உடல் பகுதிக்கும் அதன் வாய்க்கும் இடையே ஒரு குறுகிய கழுத்து இருக்கும். அதன் நீளம் ஒரு செ.மீ. கூட இராது. மாதம் ஏற ஏற அந்தக் கழுத்து நீண்டு, விரிந்து, மெல்லிய சுவர் கொண்ட ஒரு கீழ்ப்பகுதியாக மாறுகிறது. பிரசவ நேரத்தில் அது 10 செ.மீ. அளவுக்கு வந்துவிடும். மேல்பகுதியின் சுவர் தடித்த தசை. சுருங்கித் தள்ளுவது அதன் வேலை. கீழ்ப்பகுதி மென்மையானது; விரிந்து வழிவிடுவது அதன் வேலை. கடைசி வாரங்களில் மேல்பகுதி அவ்வப்போது இறுகித் தளரும்போது, தலை மெல்ல மெல்ல இந்த மென்மையான கிண்ணத்துக்குள் அமர்கிறது. இடுப்பு மூட்டுகளைப் பிணைக்கும் நார்களும் அந்த நேரத்தில் சற்றே நெகிழ்ந்திருப்பதால் இடம் கொஞ்சம் கூடுகிறது.

இடுப்புக் கூட்டின் வாயில் வட்டமானதல்ல. பக்கவாட்டில் சுமார் 13 செ.மீ. அகலமும், முன்பின்னாக சுமார் 11 செ.மீ. அகலமும் உடையது. குழந்தையின் தலை காதுக்கு மேலே பக்கவாட்டில் சுமார் 9.5 செ.மீ. அகலம் இருக்கும், முன்பின் நீளம் அதைவிட அதிகம். அதனால்தான் பெரும்பாலான குழந்தைகள் தாயின் இடப்புறத்தையோ வலப்புறத்தையோ பார்த்தபடி, தலையின் நீளவாக்கு வாயிலின் அகலவாக்கோடு பொருந்துமாறு உள்ளே நுழைகின்றன. முதுகுப்பக்கம் பார்க்கத் திரும்புவது பின்னர், பிரசவ வலியின்போது நடப்பது. “தலை திரும்பிடுச்சு” என்பதும் “தலை இறங்கிடுச்சு” என்பதும் ஒன்றல்ல. தலை கீழ்நோக்கித் திரும்புவது பெரும்பாலும் அதற்குப் பல வாரங்கள் முன்பே முடிந்துவிடும். கீழ்நோக்கியிருக்கும் தலை எலும்பு வாயிலைக் கடந்து உள்ளே போவதே இறங்குதல்.

இறங்கியதும் தாயின் உடலில் ஒரு பக்கம் பாரம் குறைந்து மறுபக்கம் பாரம் கூடுகிறது. அதுவரை கருப்பையின் உச்சி நெஞ்சுக்குழி வரை எட்டி, நுரையீரலையும் இரைப்பையையும் மேலே தள்ளிக்கொண்டிருந்தது. அது இறங்கியவுடன் ஆழமாக மூச்சுவிட முடிகிறது. நாலு வாய் சாப்பிட்டதும் நெஞ்சை அடைத்த உணர்வு குறைகிறது. நெஞ்செரிச்சலும் பலருக்குத் தணிகிறது. ஆனால் விடுபட்ட பாரம் முழுவதும் கீழே போய்ச் சேர்கிறது. சிறுநீர்ப்பையின் மேல் தலை அமர்ந்திருப்பதால் மணிக்கொருமுறை எழ வேண்டியிருக்கும். நடை சற்று அகன்று, ஆடி ஆடிப் போகும். இடுப்பின் முன்மூட்டிலும் தொடை இடுக்கிலும் திடீரென மின்னல் வெட்டினாற்போல் ஒரு வலி வந்து போகும். தலை நரம்புகளின் மேல் அழுந்துவதே அதன் காரணம். அது சில நொடிகளில் விலகிவிடும். கால்களிலிருந்து மேலேறும் இரத்த ஓட்டம் தடைபடுவதால் மாலையில் பாதம் வீங்கும். மலச்சிக்கலும் மூலமும் இந்த வாரங்களில் கூடுவதுண்டு.

வெளியிலிருந்து அளக்கும்போதும் இந்த மாற்றம் தெரியும். முன் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து கருப்பையின் உச்சிவரை நாடாவால் அளப்பது கர்ப்பகாலப் பரிசோதனைகளில் வழக்கம். 24 வாரத்துக்குப் பிறகு, அந்த அளவு செ.மீ. கணக்கில் ஏறக்குறைய கர்ப்பத்தின் வாரக் கணக்கோடு ஒத்துப்போகும், இரண்டு செ.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம். 36 வாரத்தில் உச்சி நெஞ்சுக்குழியைத் தொடும். அதன்பின் தலை இறங்கினால் உச்சியும் இறங்கி, 40 வாரத்தில் ஏறத்தாழ 32 வாரத்தில் இருந்த மட்டத்துக்கே வந்துவிடும். அதனால் முந்தைய பரிசோதனையை விட நாடா அளவு குறைந்ததென்று கேட்டு, குழந்தை வளரவில்லையோ எனப் பதற வேண்டியதில்லை. 40 வாரத்தில் விலாப்பக்கங்கள் நிறைந்திருக்கும், தலை உள்ளே பொருந்தியிருக்கும். 32 வாரத்தில் இரண்டும் இராது. ஆனால் இந்த விளக்கம் தலை உண்மையிலேயே இறங்கியிருந்தால்தான் செல்லும். தலை மேலேயே இருக்க, அளவு மட்டும் குறைந்தால், குழந்தையின் வளர்ச்சியையும் பனிநீரின் அளவையும் ஸ்கேன் செய்து பார்ப்பது அவசியம்.

தலை எவ்வளவு இறங்கியது என்பதை மருத்துவரும் செவிலியரும் ஒரு எளிய கணக்கால் சொல்கிறார்கள். தலையை மனத்தில் ஐந்து சம பங்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும். தாயை மல்லாக்கப் படுக்க வைத்து, சிறுநீர் கழித்த வெற்றுச் சிறுநீர்ப்பையோடு, அடிவயிற்றில் இரு கைகளையும் வைத்துத் தலையைத் தடவிப் பார்ப்பார்கள். முழுத் தலையும் கைக்கு அகப்பட்டு, இங்கும் அங்கும் அசைந்தால் ஐந்தில் ஐந்து பங்கு மேலே உள்ளது. தலை இன்னும் நுழையவே இல்லை. ஐந்தில் இரண்டு பங்கோ அதற்கும் குறைவாகவோ மட்டும் கைக்குத் தட்டினால், தலையின் மிக அகன்ற பகுதி எலும்பு வாயிலைக் கடந்துவிட்டது என்று பொருள். தலை பொருந்திவிட்டது என மருத்துவக் குறிப்பில் எழுதுவது இந்த நிலையைத்தான். உள்பரிசோதனை இல்லாமலே, தாய்க்கு நோகாமல் தெரிந்துகொள்ளக் கூடிய செய்தி இது.

இறங்கும் நேரம் தலைப்பிரசவத்துக்கும் அடுத்தடுத்த பிரசவங்களுக்கும் ஒன்றல்ல. முதல் கர்ப்பத்தில் பெரும்பாலும் பிரசவத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு முன்பே தலை இறங்கிவிடுகிறது. வயிற்றுச் சுவரின் தசைகள் இன்னும் இறுக்கமாக இருப்பதால் கருப்பையைப் பின்னோக்கி அழுத்தி, தலையை வாயிலுக்கு நேராக நிறுத்துகின்றன. ஏற்கெனவே பெற்ற பெண்ணின் வயிற்றுத் தசை தளர்ந்திருப்பதால் கருப்பை முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும். அவருக்கு வலி எடுத்த பிறகே தலை நுழைவது சாதாரணம். அக்காவுக்கு இரண்டாவது குழந்தை, தங்கைக்குத் தலைப்பிரசவம், இருவருக்கும் ஒரே மாதம் என்றால், தங்கையின் வயிறு இறங்கி அக்காவின் வயிறு மேலேயே நிற்பதைக் கண்டு யாருக்கு முதலில் பிரசவம் என்று முடிவு கட்ட முடியாது.

தலைப்பிரசவத்தில் 38 வாரம் கடந்தும் தலை மேலேயே நின்றால் அதற்கான காரணத்தைத் தேட வேண்டும். அடிக்கடி காணப்படுவது, குழந்தை தன் முதுகைத் தாயின் முதுகெலும்புப் பக்கம் வைத்துக்கொண்டு, தாடையை நெஞ்சில் ஒட்டாமல் தலையைச் சற்று நிமிர்த்தி வைத்திருப்பது. அப்போது வாயிலுக்குள் நுழைய வேண்டிய அளவு பெரிதாகிவிடுகிறது. நஞ்சு கீழே அமைந்து வாயிலை மறைத்திருத்தல், பனிநீர் அதிகமாக இருத்தல், தேதிக் கணக்குத் தவறியிருத்தல், தலைக்கும் இடுப்புக்கும் அளவு பொருந்தாமை ஆகியவையும் காரணமாகலாம். இவற்றில் நஞ்சின் இடத்தை மட்டும் ஸ்கேனில் உறுதிசெய்துகொள்வது மிக முக்கியம். மற்றபடி தலை மேலே நிற்பது ஒன்றையே காரணமாக வைத்து அறுவைச் சிகிச்சை என்று தீர்மானிக்க முடியாது. வலி வலுத்ததும் தலை இறங்கி, இயல்பாகப் பிறக்கும் குழந்தைகள் ஏராளம்.

இரண்டாவது அடையாளம் உடலில் அளக்க முடியாதது. பல கர்ப்பிணிகளுக்குக் கடைசி வாரங்களில் வீட்டைச் சுத்தம் செய்தே தீர வேண்டும் என்ற தவிப்பு வருகிறது. அதுவரை சோர்ந்து படுத்திருந்தவர் விடியற்காலையில் எழுந்து அலமாரியைக் காலி செய்வார். சமையலறை டப்பாக்களைக் கழுவிக் கவிழ்ப்பார். ஒட்டடை அடிக்க ஆள் தேடுவார். பிறக்கும் முன் புதுத்துணி வாங்கக் கூடாது என்ற வழக்கமுள்ள தமிழ் வீடுகளில், இந்தத் தவிப்பு பழைய பருத்திப் புடவைகளிலும் வேட்டிகளிலும் போய் நிற்கும். அவற்றைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்து அடுக்குவதும், தூளிக்கு எந்தப் புடவை என்று தேர்ந்தெடுப்பதும் நடக்கும். பறவை கூடு கட்டுவதோடு இதை ஒப்பிட்டே உலகெங்கும் பேசுகிறார்கள்.

விலங்குகளில் இந்த உந்துதலின் வேர் நன்றாகவே ஆராயப்பட்டிருக்கிறது. தாய் முயல் குட்டி போடும் நாள் நெருங்கும்போது வளை தோண்டி, வைக்கோல் சேர்த்து, கடைசியில் தன் உடல் ரோமத்தையே பிடுங்கி மெத்தையிடுகிறது. இந்த வரிசையை நடத்துவது ஹார்மோன்கள். கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் குறைந்து, பால் சுரப்புக்குரிய புரோலாக்டின் கூடும்போது கூடு கட்டும் வேகம் எழுகிறது. பெண் பன்றியும் ஈனுவதற்கு முந்தைய ஒரு நாளுக்குள் புல்லும் சுள்ளியும் சேர்க்கத் தொடங்கிவிடும். ஆகவே விலங்குகளில் இது பிரசவ நேரத்தைச் சரியாகச் சொல்லும் கடிகாரம் போன்றது.

மனிதரில் அவ்வாறு சொல்லிவிட முடியாது. மனிதத் தாயின் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அளவு பிரசவத்துக்கு முன் விழுவதில்லை. நஞ்சு வெளியேறிய பிறகுதான் விழுகிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்லா ஆண்டர்சனும் மெல் ரூதர்ஃபோர்டும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பிணிகளையும் கர்ப்பமில்லாத பெண்களையும் கேள்விகளால் ஒப்பிட்டார்கள். இடத்தை ஒழுங்குபடுத்தும் நடத்தை கர்ப்பிணிகளிடம் கூடுதல் என்றும், அது கடைசி மூன்று மாதங்களில் உச்சத்தை அடைகிறது என்றும் கண்டார்கள். அதோடு யாரோடு பழகுவது, யாரை அருகில் வைத்துக்கொள்வது என்பதிலும் அந்தப் பெண்கள் தேர்ந்தெடுத்து நடந்துகொண்டார்கள். நம்பிக்கையான சிலரோடு மட்டும் வீட்டுக்குள் ஒடுங்க விரும்பும் மனநிலை அது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் இந்த மனநிலைக்கு இசைந்த ஏற்பாடாகவே அமைந்திருக்கிறது.

ஆக, அந்தத் தவிப்பு உண்மை. ஆனால் “இன்றைக்கு வீடு கழுவினாள், நாளைக்கு வலி வரும்” என்ற கணக்குக்கு ஆதாரம் இல்லை. சிலருக்கு அது ஏழாம் மாதத்திலேயே வரும். சிலருக்கு வராமலே பிரசவம் ஆகிவிடும். வராதவருக்கு எந்தக் குறையும் இல்லை. எளிய காரணங்களும் இதில் கலந்திருக்கின்றன. வயிறு இறங்கி மூச்சு இலேசானதால் உடல் கொஞ்சம் ஒத்துழைக்கிறது; இரவில் தூக்கம் கலைவதால் அதிகாலையில் விழிப்பு வருகிறது; தேதி நெருங்குவதால் முடிக்க வேண்டிய வேலைகள் கண்முன் நிற்கின்றன.

இந்த வேகத்தில் நேரும் ஆபத்து இரண்டு. முதலாவது, முக்காலி மீதோ நாற்காலி மீதோ ஏறிப் பரணை ஒழுங்குபடுத்துவது. வயிற்றின் எடை முன்னே இழுக்க, மூட்டு நார்கள் நெகிழ்ந்திருக்க, சமநிலை எளிதில் தவறும். வயிற்றில் விழும் அடி, நஞ்சைக் கருப்பைச் சுவரிலிருந்து பிரித்துவிடக் கூடும். எனவே விழுந்தபின் வலியோ இரத்தமோ இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குச் சென்று குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்ப்பது கட்டாயம். இரண்டாவது, பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் சேர்த்து ஊற்றுவது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். துணி மடிப்பது, அலமாரி அடுக்குவது, உட்கார்ந்து செய்யும் வேலைகள் ஆகியவற்றுக்குத் தடையில்லை. குந்தி உட்கார்ந்து தரை துடைத்தால் தலை இறங்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. உடல் இசைந்தால் செய்யலாம், இசையாதவரை வற்புறுத்த வேண்டியதில்லை.

மூன்றாவது அடையாளம் வயிறு இறுகுதல். தமிழ்நாட்டில் இதைச் சூட்டுவலி என்றும் பொய்வலி என்றும் சொல்கிறார்கள். ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1872இல் இதை விரிவாக எழுதியதால், மருத்துவ நூல்கள் இதற்கு அவர் பெயரையே வைத்திருக்கின்றன. கருப்பை கல்லுப்போல் இறுகி, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ நின்று, தளர்ந்துவிடும். கடைசி வாரங்களில் இது அடிக்கடி வரும். பொய்வலி என்ற பெயர் அதற்குப் பொருந்தவில்லை என்றே சொல்ல வேண்டும். இந்த இறுக்கங்களே தலையைக் கீழே அமர்த்துவதற்கும் கருப்பை வாய் மென்மையாவதற்கும் துணைபுரிகின்றன.

உண்மையான பிரசவ வலியை இதிலிருந்து பிரித்தறிய ஒரு மணி நேரமும் ஒரு கடிகாரமும் போதும். தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்து, கொஞ்சம் நடந்துவிட்டு, இடப்பக்கமாகப் படுத்துப் பார்க்க வேண்டும். முன்வயிற்றில் மட்டும் ஒழுங்கில்லாமல் வந்த இறுக்கம் அடங்கிவிட்டால் அது சூட்டுவலி. முதுகின் அடியில் தொடங்கி முன்னே சுற்றி வந்து, என்ன செய்தாலும் அடங்காமல், ஒன்றுக்கொன்று இடைவெளி குறைந்து, வலிமை கூடிக்கொண்டே போனால் அது பிரசவ வலி. தலைப்பிரசவத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் அளவுக்கு, ஒரு மணி நேரமாகத் தொடர்ந்தால் மருத்துவமனைக்குக் கிளம்பும் நேரம். மருத்துவமனை தொலைவில் இருப்பவரும், ஏற்கெனவே பெற்றவரும் அதற்கு முன்பே கிளம்ப வேண்டும். வலியை வரவழைக்க விளக்கெண்ணெய் கொடுப்பதால் வயிற்றுப்போக்கும் நீரிழப்புமே பெரும்பாலும் மிஞ்சும்.

கடைசியாக வருவது கருப்பை வாயின் மாற்றம். கர்ப்பகாலம் முழுவதும் அதை ஒரு கெட்டியான சளி அடைத்திருக்கும். வாய் மென்மையாகி, நீளம் குறைந்து, திறக்கத் தொடங்கும்போது அந்த அடைப்பு விலகி வெளிவருகிறது. வெள்ளையாகவோ, இளஞ்சிவப்பாகவோ, இரத்தக் கோடுகளோடோ இருக்கும். இது வந்த சில மணி நேரத்தில் வலி எடுப்பவரும் உண்டு. ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறவரும் உண்டு. இதே நாட்களில் சிலருக்கு மலம் இளகிப் போகும். ஏறிக்கொண்டே வந்த எடை நின்றுவிடும், அல்லது அரைக் கிலோ, ஒரு கிலோ குறையும். பனிக்குடம் உடைவது பெரும்பாலும் வலி தொடங்கிய பிறகே நடக்கும். நூறில் எட்டுப் பேர் அளவில்தான் நிறைமாதத்தில் வலிக்கு முன்பே உடைகிறது.

ஒரு தலைப்பிரசவத்தை நாள்வாரியாகப் பார்த்தால் இந்த அடையாளங்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பது விளங்கும். கடைசி மாதவிலக்கு ஜனவரி 10ஆம் தேதி தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் அக்டோபர் 17 வருகிறது. அதாவது 280 நாள். செப்டம்பர் 19 அன்று 36 வாரம். அன்றைய பரிசோதனையில் நாடா அளவு 35 செ.மீ.; தலை கீழ்நோக்கி இருக்கிறது, ஆனால் ஐந்தில் நான்கு பங்கு கைக்கு அகப்படுகிறது. இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம். செப்டம்பர் 30 காலையில் இட்லி நான்கையும் முழுதாகச் சாப்பிட முடிகிறது; மூச்சு இலேசாக இருக்கிறது; ஆனால் இரவில் ஐந்து முறை எழ வேண்டியிருக்கிறது. அக்டோபர் 3, 38 வாரம். நாடா அளவு 33 செ.மீ.; தலை ஐந்தில் இரண்டு பங்குதான் தட்டுப்படுகிறது. அளவு குறைந்ததன் காரணம் அந்த இரண்டாவது எண்ணிலேயே இருக்கிறது.

அக்டோபர் 8 அன்று பழைய புடவைகள் எல்லாம் கொடியில் காய்கின்றன. மூன்று நாள் கழித்து மாலையில் பத்து, இருபது, பன்னிரண்டு நிமிட இடைவெளியில் வயிறு இறுகி, படுத்ததும் அடங்குகிறது. இடைவெளி ஒழுங்கில்லாததால் அது சூட்டுவலி. அக்டோபர் 14 காலையில் இளஞ்சிவப்புச் சளி. அன்றிரவு பதினொரு மணிக்கு முதுகுவலி தொடங்கி, அதிகாலை மூன்று மணிக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என ஒழுங்குக்கு வருகிறது. மருத்துவமனை சேர்ந்து, 15ஆம் தேதி பிற்பகலில் பிரசவம். 39 வாரமும் 5 நாளும். தலை இறங்கியதிலிருந்து பிறப்பு வரை பதினைந்து நாள். வீடு சுத்தம் செய்ததிலிருந்து ஏழு நாள். சளி விலகியதிலிருந்து ஒரு நாள். வேறொரு பெண்ணுக்கு இந்த இடைவெளிகள் வேறாக இருக்கும். பிறப்பை நெருங்க நெருங்க அடையாளங்கள் கருப்பை வாயை நோக்கி நகரும் போக்கு மட்டும் பெரும்பாலும் மாறாது.

இந்த அடையாளங்களோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு நம்பிக்கை மட்டும் உயிருக்கு ஆபத்தானது. “தலை இறங்கிடுச்சு, இனி அசைவு குறையும்” என்பது அது. தலை பொருந்தியபின் அசைவின் தன்மை மாறலாம். உதைப்பது குறைந்து, நெளிவதும் உருளுவதும் கூடலாம். எண்ணிக்கை குறையக் கூடாது. பிறக்கும் நாள்வரை, வலி வரும் நேரத்திலும் குழந்தை அசைந்துகொண்டே இருக்கும். சந்தேகம் வந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, இடப்பக்கம் படுத்து, வேறு கவனமில்லாமல் எண்ண வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு கிடைக்காவிட்டாலோ, வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தாய்க்கே தோன்றினாலோ, அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலை வரை காத்திருக்கும் செய்தி அல்ல அது.

இயல்பான அடையாளம் எல்லை தாண்டும் இடங்களும் இவ்வாறே தெளிவானவை. பாதம் வீங்குவது இயல்பு. முகமும் கையும் வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் மேல்வயிற்று வலியும் சேர்ந்தால் அது இரத்த அழுத்தத்தின் எச்சரிக்கை. சளியில் இரத்தக் கோடு இயல்பு. மாதவிலக்குப்போல் இரத்தம் போவது இயல்பல்ல. பனிக்குட நீர் தெளிவாக இருப்பது இயல்பு. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. நீர் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும். தலை இன்னும் இறங்காத நிலையில் நீர் உடைந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வாயிலை அடைக்கத் தலை இல்லாததால், நீரோடு தொப்புள்கொடி நழுவி வரக் கூடும். கொடி தட்டுப்பட்டால் முழங்காலிலும் முழங்கையிலும் ஊன்றி, தலையைத் தாழ்த்தி இடுப்பை உயர்த்திக் கிடந்தபடி, உடனே 108ஐ அழைக்க வேண்டும். 37 வாரம் நிறையும் முன் கீழே அழுத்தமும் ஒழுங்கான இறுக்கமும் வந்தால், அதை நிறைமாத அடையாளமாக எடுத்துக்கொள்ளாமல் குறைமாதப் பிரசவத்தின் அறிகுறியாகக் கருத வேண்டும்.

வயிறு இறங்குவதும், வீட்டை ஒழுங்குபடுத்தும் தவிப்பும், சூட்டுவலியும் பிரசவம் நெருங்குகிறது என்பதைச் சொல்லும். எந்த நாள் என்பதைச் சொல்லாது. கணக்கிட்ட தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூறில் நான்கைந்துதான். இந்த அடையாளங்களைக் கண்டதும் பரிசோதனைப் புத்தகத்தையும், ஸ்கேன் அறிக்கைகளையும், துவைத்து மடித்த துணிகளையும் ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டு, இரவில் வண்டிக்கு யாரை அழைப்பது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். அதன்பின் தாய் நாள்தோறும் கவனிக்க வேண்டியது குழந்தையின் அசைவைத்தான்.